ஒரே வைஃபை, ஆளுக்கொரு கடவுச்சொல்: வன்னி வீடொன்றை முன்வைத்து ஒரு விளக்கம்

வன்னியின் பல வீடுகளில் இணையம் என்பது சிம் அட்டை செருகிய ஒரு 4ஜி ரவுட்டரும், அதன் அடியில் ஒட்டப்பட்ட தாளில் அச்சிடப்பட்டிருக்கும் ஒரு கடவுச்சொல்லுமாகவே இருக்கிறது. அந்த ஒரே கடவுச்சொல்தான் வீட்டுக்காரருக்கும், உயர்தரம் படிக்கும் மகளுக்கும், முற்றத்துக் கமராவுக்கும், வற்றாப்பளைப் பொங்கலுக்கு வெளிநாட்டிலிருந்து வந்து இரண்டு கிழமை தங்கிப்போன சித்தப்பா குடும்பத்துக்கும், நிகழ்நிலை வகுப்புக்காக ஒருநாள் வந்த அயல் வீட்டுப் பிள்ளைக்கும் கொடுக்கப்படுகிறது. கொடுத்த கடவுச்சொல் அவர்களோடு நின்றுவிடுவதுமில்லை. ஆண்ட்ராய்டு 10 முதலான கைத்தொலைபேசிகள் தாம் இணைந்திருக்கும் வைஃபையைக் கியூஆர் குறியாகத் திரையில் காட்டும். அதை ஒருமுறை படம்பிடித்தவர் கேட்காமலே உள்ளே வரலாம். மாதத்துக்கு இத்தனை ஜிபி என்று அளந்து வாங்கிய டேட்டா இருபதாம் திகதியே முடிந்துவிடும்போது, யாரிடமிருந்து கடவுச்சொல்லைத் திரும்பப் பெறுவது என்ற கேள்வி எழுகிறது. ஒரே கடவுச்சொல் உள்ள வீட்டில் அதற்கு ஒரு வழிதான் உண்டு: எல்லோருக்குமாக அதை மாற்றிவிட்டு, கமராவையும் தொலைக்காட்சியையும் அம்மம்மாவின் தொலைபேசியையும் ஒவ்வொன்றாக மீண்டும் இணைக்க வேண்டும். இந்தச் சிரமம் காரணமாகவே பெரும்பாலானோர் மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள்.

வைஃபையின் பெயர் ஒன்றாகவே இருக்க, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு கடவுச்சொல் கொடுப்பதற்குச் சில ரவுட்டர்களில் வசதி இருக்கிறது. யூனிஃபை, ஒமாடா ஆகிய வகைகளின் அமைப்புத் திரைகளில் இது `PPSK` என்ற பெயரில் காணப்படும். ரக்கஸ் நிறுவனம் `DPSK` என்றும், அருபா `MPSK` என்றும், சிஸ்கோ `iPSK` என்றும் அழைக்கின்றன. இவை அலுவலகங்களுக்கும் விடுதிகளுக்கும் என்று செய்யப்பட்ட கருவிகள். வீட்டு ரவுட்டர்களில் இதைப் பெறுவதற்குக் கட்டணமற்ற வழி, ரவுட்டருக்குள் இருக்கும் மென்பொருளுக்குப் பதிலாக ஓப்பன்வர்ட் என்ற திறந்தமூல மென்பொருளை ஏற்றுவதாகும். தேடும்போது `OpenWrt` என்று தட்டச்சிட வேண்டும். இணைய நிறுவனங்கள் இணைப்போடு தரும் ரவுட்டர்களில் பொதுவாக இந்த வசதி இருப்பதில்லை. விருந்தினருக்கென இரண்டாவது வைஃபைப் பெயர் ஒன்றை உருவாக்குவதோடு அவை நின்றுவிடுகின்றன.

இரண்டாவது பெயர் போதாதா என்று கேட்கலாம். இரண்டு பிரிவினர் மட்டும் உள்ள வீட்டுக்கு அது போதும். ஆனால் ஆறு பேருக்கு ஆறு பெயர்கள் உருவாக்கினால், ஒவ்வொரு பெயரையும் ரவுட்டர் வினாடிக்கு ஏறத்தாழப் பத்து முறை, மிகக் குறைந்த வேகத்தில், வானலையில் அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். எவரும் எதையும் பார்க்காத வேளையிலும் அந்த அறிவிப்புகள் அலைவரிசையின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். ஒரே பெயரில் பல கடவுச்சொற்கள் இருந்தால் அறிவிப்பு ஒன்றுதான்.

ஒரே பெயரில் வரும் தொலைபேசி எந்தக் கடவுச்சொல்லோடு வருகிறது என்பதை ரவுட்டர் எப்படி அறிகிறது என்பதை விளங்கிக்கொண்டால், இந்த முறையின் பலமும் அதன் எல்லையும் தாமாகவே விளங்கிவிடும். வைஃபை இணைப்பைப் பாதுகாக்கும் `WPA2` முறையில் கடவுச்சொல் ஒருபோதும் காற்றில் அனுப்பப்படுவதில்லை. தொலைபேசியும் ரவுட்டரும் தத்தமக்குள், கடவுச்சொல்லையும் வைஃபையின் பெயரையும் சேர்த்து 4,096 சுற்றுகள் கணக்கிட்டு, 256 பிட் நீளமுள்ள ஒரு மூலச் சாவியை உருவாக்கிக்கொள்கின்றன. இணையும் நேரத்தில் ரவுட்டர் ஓர் எழுமாற்று எண்ணை அனுப்புகிறது. தொலைபேசி தன் பங்குக்கு வேறோர் எழுமாற்று எண்ணை அனுப்பும்போது, மூலச் சாவியையும் இரண்டு எண்களையும் கொண்டு கணித்த ஒரு முத்திரையையும் அச்செய்தியில் சேர்த்துவிடுகிறது. ரவுட்டர் அதே கணக்கைத் தானும் செய்து, தனக்குக் கிடைத்த முத்திரை வந்த முத்திரையோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறது. பொருந்தினால் கடவுச்சொல் சரி. பொருந்தாவிட்டால் இணைப்பு மறுக்கப்படும்.

இந்த ஒழுங்கில் முக்கியமானது, தொலைபேசி முத்திரையை அனுப்பும் வரை ரவுட்டர் எந்தக் கடவுச்சொல்லையும் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை என்பதே. ஆகவே ரவுட்டரிடம் பத்துக் கடவுச்சொற்கள் கொண்ட பட்டியல் இருந்தால், வந்த முத்திரையைப் பத்து மூலச் சாவிகளோடும் வரிசையாக ஒப்பிட்டுப் பார்த்து, எது பொருந்துகிறதோ அதற்குரியவர் வந்திருக்கிறார் என்று முடிவுசெய்யலாம். 4,096 சுற்றுக் கணக்கு முன்கூட்டியே முடிந்துவிடுவதால், இணையும் நேரத்தில் எஞ்சுவது மிகச் சிறிய வேலைதான். வீட்டளவிலான பட்டியலில் எந்தத் தாமதத்தையும் உணர முடியாது. தொலைபேசிக்கோ இப்படி ஒரு பட்டியல் இருப்பதே தெரியாது. அது வழக்கமான ஒரு வைஃபையில் வழக்கமான ஒரு கடவுச்சொல்லோடு இணைகிறது. எனவே பத்து ஆண்டுப் பழைய கைத்தொலைபேசியும், மலிவான கமராவும், தொலைக்காட்சிப் பெட்டியும் எந்த மாற்றமும் இன்றி இதில் சேர்ந்துகொள்கின்றன.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் இயங்குவதால், சுற்றுவட்டார வீடுகளில் மாணவர்களுக்கு அறை கொடுப்பது வழமை. அப்படியொரு வீட்டில் தந்தை, தாய், மகள், அம்மம்மா ஆகிய நால்வரும், இரண்டு அறைகளில் போர்டிங் இருக்கும் இரண்டு மாணவர்களும், ஒரு கமராவும், ஒரு தொலைக்காட்சியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இணையம் 4ஜி ரவுட்டரின் வழியாக வருகிறது. ஓப்பன்வர்ட் ஏற்றிய இரண்டாவது ரவுட்டரின் `WAN` துளையையும் 4ஜி ரவுட்டரின் `LAN` துளையையும் ஒரு வலையமைப்புக் கம்பியால் இணைக்க வேண்டும். அதன்பின் 4ஜி ரவுட்டரின் சொந்த வைஃபையை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாவிட்டால் பழைய கடவுச்சொல் தெரிந்தவர்கள் எல்லோரும் அதன் வழியாகவே தொடர்ந்து வருவார்கள்.

இந்த இடத்தில் பலர் இடறும் ஒரு சிக்கல் உண்டு. ஓப்பன்வர்ட் தனக்கு `192.168.1.1` என்ற முகவரியை எடுத்துக்கொள்ளும். 4ஜி ரவுட்டரும் அதே முகவரியில் இருந்தால், வைஃபையில் இணைய முடியும், இணையம் மட்டும் வராது. கடவுச்சொற்களில் பிழை தேடி நேரத்தை வீணாக்காமல், முதலில் புதிய ரவுட்டரின் முகவரியை `192.168.10.1` என்பது போல மாற்றிவிட வேண்டும்.

புதிய வைஃபைக்குப் பழைய பெயரைக் கொடுக்காமல் வேறு பெயர் வைப்பதே நல்லது. பழைய பெயரை வைத்தால், கருவிகள் தாம் சேமித்து வைத்திருக்கும் பழைய கடவுச்சொல்லோடு வந்து மோதிக்கொண்டிருக்கும். யார் புதியதற்கு மாறினார்கள், யார் மாறவில்லை என்பதும் தெரியாது. பெயரைத் தீர்மானித்த பிறகு `/etc/config/wireless` என்ற கோப்பில், முன்பே இருக்கும் வைஃபைப் பகுதியின் குறியாக்கத்தை `psk2` என்று வைத்து, அதன் கீழ் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு பகுதியைச் சேர்க்க வேண்டும். முதல் அறை மாணவருக்கும் கமராவுக்கும் உரியவை இவ்வாறு இருக்கும்:

```
config wifi-station 'arai1'
	option iface 'default_radio0'
	option key 'tenkuravamipu'

config wifi-station 'camera'
	option iface 'default_radio0'
	option key 'bsodhmrkewya'
```

இவை வடிவத்தைக் காட்டுவதற்கான மாதிரிகள் மட்டுமே; யாரும் அப்படியே எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. `arai1` போன்ற பெயரைப் பகுதிக்கே கொடுப்பதற்குக் காரணம் உண்டு. யாருடையது என்பதைக் குறிப்பாக எழுதிவைத்தால், பின்னர் ரவுட்டரின் இணையப் பக்கத்திலிருந்து எதையேனும் சேமிக்கும்போது அக்குறிப்புகள் அழிந்துவிடும். பகுதியின் பெயர் அழியாது. `iface` என்ற வரி, அந்தக் கடவுச்சொல் எந்த வைஃபைப் பகுதிக்கு உரியது என்பதைச் சொல்கிறது. 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசைக்கும் 5 கிகாஹேட்ஸ் அலைவரிசைக்கும் தனித்தனிப் பகுதிகள் இருப்பதால், இரண்டிலும் வேலை செய்ய வேண்டிய கடவுச்சொல்லை `default_radio1` என்ற பகுதிக்கும், `arai1_5g` என்பது போன்ற வேறு பெயரில், தனியாக எழுத வேண்டும். ஒன்றுக்கு மட்டும் எழுதிவிட்டு மற்றதை மறந்தால், முற்றத்தில் நிற்கும்போது இணையும் தொலைபேசி ரவுட்டருக்கு அருகில் வந்ததும் கடவுச்சொல் பிழை என்று சொல்லும். அருகில் அது 5 கிகாஹேட்ஸை நாடுவதே காரணம். கோப்பைச் சேமித்து `wifi reload` என்ற கட்டளையைக் கொடுத்ததும் எல்லோருடைய இணைப்பும் சில நொடிகள் விட்டு மீளும்.

ஓப்பன்வர்ட்டில் மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான்: தனிக் கடவுச்சொற்களைச் சேர்த்ததனால் பொதுக் கடவுச்சொல் செயலிழப்பதில்லை. வைஃபைப் பகுதியிலேயே எழுதப்பட்டிருக்கும் `option key` என்பதும் பட்டியலில் உள்ளவற்றோடு சேர்ந்து தொடர்ந்து ஏற்கப்படும். பழைய பொதுக் கடவுச்சொல்லையே அங்கு இட்டுவைத்தால், செய்த வேலை முழுவதும் வீண். அந்த இடத்தில் எவருக்கும் சொல்லாத நீண்ட கடவுச்சொல் ஒன்றை வைத்து, அதை வீட்டுக்காரரின் பதிவேட்டில் மட்டும் எழுதிவைக்க வேண்டும். அதேபோல் இரண்டு பேருக்குத் தவறுதலாக ஒரே கடவுச்சொல்லை எழுதிவிட்டாலும், ஒருவருடைய பகுதியை நீக்கியபின் அவர் மற்றவருடைய வரியால் உள்ளே வந்துகொண்டிருப்பார்.

நான்காம் ஆண்டு முடித்து முதல் அறை மாணவர் வீட்டைவிட்டுப் போகும் நாளில், இத்தனையும் எதற்காக என்பது தெளிவாகும். இரண்டு அலைவரிசைகளுக்கும் எழுதிய `arai1`, `arai1_5g` ஆகிய பகுதிகளை நீக்கி மீண்டும் `wifi reload` கொடுத்தால் போதும். அவருடைய தொலைபேசியிலும் மடிக்கணினியிலும் அவர் கியூஆர் காட்டி உள்ளே விட்ட நண்பர்களின் தொலைபேசிகளிலும் அந்தக் கடவுச்சொல் செத்துவிடும். கமரா தொடர்ந்து படம்பிடிக்கும். அம்மம்மா எதையும் கவனிக்கமாட்டார். கடவுச்சொல் பரவுவதை இந்த முறை தடுப்பதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஒரே கணக்கில் இருக்கும் தொலைபேசியும் டாப்லெட்டும் சேமித்த வைஃபைக் கடவுச்சொற்களைத் தம்மிடையே பகிர்ந்துகொள்வதும் உண்டு என்பதால், கருவிக்கொரு கடவுச்சொல் என்று திட்டமிட்டாலும் நடைமுறையில் அது ஆளுக்கொரு கடவுச்சொல்லாகவே முடியும். கமரா, தொலைக்காட்சி போன்ற ஆள் இல்லாத கருவிகளுக்கு மட்டும் தனியே கொடுத்து, மற்றவற்றை ஆள்வாரியாகக் கொடுப்பதே வீட்டுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

கருவியின் வைஃபை வன்பொருளுக்குரிய அடையாள எண்ணான மேக் முகவரியைப் பார்த்துத் தடுக்கும் பழைய முறை இந்த வேலைக்கு உதவாது. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகியவற்றிலிருந்து தொலைபேசிகள் தம் உண்மையான முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் எழுமாற்றாக ஒரு முகவரியைக் காட்டுகின்றன. அமைப்புகளில் சிறு மாற்றம் செய்தால் தடுக்கப்பட்டவர் புதிய முகவரியோடு வந்துவிடுவார். மேலே காட்டிய பகுதிகளில் `mac` என்ற வரியை எழுதாமல் விட்டிருப்பதும் இதனால்தான். அது இல்லாதபோது எந்த முகவரியிலிருந்து வந்தாலும் கடவுச்சொல் ஒன்றே கணக்கில் எடுக்கப்படும்.

அடுத்து, `WPA2` முறைக்குப் பின் வந்த `WPA3`. மேலே சொன்ன இயக்கம் `WPA2` முறைக்கு மட்டுமே உரியது. `WPA3` முறையில் தொலைபேசியும் ரவுட்டரும் முதல் செய்தியைப் பரிமாறும்போதே இருவரும் கடவுச்சொல்லைக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். அந்த நேரத்தில் வந்திருப்பவர் யார் என்பது ரவுட்டருக்குத் தெரியாது; ஆகவே பட்டியலிலிருந்து எதை எடுப்பது என்பதும் தெரியாது. கடவுச்சொல்லோடு ஓர் அடையாளப் பெயரையும் சேர்த்து அனுப்பும் ஏற்பாடு தரநிலையில் இருக்கிறது என்றாலும், இன்று கைகளில் இருக்கும் பெரும்பாலான தொலைபேசிகளில் அதைத் தட்டச்சிட இடமே இல்லை. `WPA3` கட்டாயமாக்கப்பட்டிருக்கும் 6 கிகாஹேட்ஸ் அலைவரிசையை இதனால் பொதுவாக இந்த முறைக்குப் பயன்படுத்த முடிவதில்லை.

வீட்டில் இது எப்படிச் சிக்கலாகத் தெரியும் என்றால், குறியாக்கத்தை `psk2` என்று வைக்காமல் இரண்டையும் ஏற்கும் `sae-mixed` என்று வைத்திருந்தால், பழைய தொலைபேசிகள் தத்தம் கடவுச்சொல்லோடு சிக்கலின்றி இணையும். புதிதாக வாங்கிய தொலைபேசி மட்டும் சரியான கடவுச்சொல்லையே பிழை என்று சொல்லும். புதிய தொலைபேசி `WPA3` முறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள, அங்கு பட்டியல் முழுவதும் ஒப்பிட்டுப் பார்க்கப்படாததால் இப்படி நேர்கிறது. தொலைபேசியில் பழுது என்று எண்ணிக் கடைக்குக் கொண்டுபோகுமுன் ரவுட்டரின் பதிவைப் பார்ப்பது நல்லது. `logread` என்ற கட்டளை காட்டும் வரிகளில் `AP-STA-POSSIBLE-PSK-MISMATCH` என்று இருந்தால், வந்தவர் `WPA2` முறையில்தான் வந்தார், ஆனால் அவருடைய கடவுச்சொல் பட்டியலில் எதனோடும் பொருந்தவில்லை என்று பொருள். பெரும்பாலும் எழுத்துப் பிழை அல்லது ஓர் அலைவரிசையில் விடுபட்ட வரி. அந்த வரி வராமலே இணைப்பு மறுக்கப்பட்டால் குறியாக்க அமைப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

`WPA2` முறையிலேயே தங்க வேண்டியிருப்பதற்கு ஒரு விலை உண்டு. அம்முறையில் ஒரு தொலைபேசி இணையும் கணத்தை வீதியில் நின்று பதிவுசெய்துகொண்ட ஒருவர், அந்தப் பதிவை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாக ஊகித்துப் பார்க்க முடியும். பட்டியல் நீள நீள, ஊகிக்கப்படக்கூடிய பலவீனமான ஒன்று அதில் இருப்பதற்கான வாய்ப்பும் கூடுகிறது. நம் வீடுகளில் கைத்தொலைபேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைக்கும் பழக்கம் பரவலாக உண்டு. பத்து இலக்கங்களில் முதலிரண்டு எப்போதும் 07 என்பதால், ஊகிக்க வேண்டியவை எட்டு இலக்கங்கள், அதாவது அதிகபட்சம் பத்துக் கோடி எண்கள். மிகுதிறன் கொண்ட விளையாட்டுக் கணினியின் வரைகலை அட்டை வினாடிக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊகங்களைச் சோதிக்கும். ஆகவே இரண்டு நிமிடங்களுக்குள் எல்லா எண்களும் முடிந்துவிடும். அதே வேகத்தில், எழுமாற்றாக எடுத்த பன்னிரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளை முழுவதுமாகச் சோதிக்க ஏறத்தாழ 3,000 ஆண்டுகள் தேவைப்படும். சிற்றெழுத்துகளை மட்டும் பயன்படுத்துவதால் தொலைக்காட்சியின் ரிமோட்டால் ஒவ்வோர் எழுத்தாக அழுத்துவதும் எளிதாகிறது. எழுத்துகளை மனத்திலிருந்து தேர்ந்தெடுக்காமல் கடவுச்சொல் உருவாக்கும் செயலி ஒன்றினால் எடுக்க வேண்டும். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த சொல் பன்னிரண்டு எழுத்தானாலும் எழுமாற்று ஆகாது. அம்மம்மாவுக்குத் தட்டச்சிடச் சிரமமாக இருந்தால், பின்வரும் வரியைக் கியூஆர் குறியாக்கி அச்சிட்டு ஒருமுறை படம்பிடித்துக் கொடுக்கலாம். இணைந்ததும் அந்தத் தாளை எடுத்து வைத்துவிட வேண்டும்.

```
WIFI:T:WPA;S:veettu-wifi;P:qtlvnaxcofhj;;
```

`WPA2` முறைக்குக் கொடுக்கும் இந்த விலைக்கு ஈடாக வீட்டுக்குள் கிடைக்கும் ஒரு பாதுகாப்பு அதிகம் பேசப்படுவதில்லை. பொதுக் கடவுச்சொல் உள்ள வைஃபையில், அதை அறிந்த எவரும் இன்னொருவர் இணையும் கணத்தைப் பதிவுசெய்தால், அவருக்குரிய குறியாக்கத்தை அவிழ்த்துவிட முடியும். அதே பெயரில் ஒரு போலி ரவுட்டரை இயக்கி மற்றவர்களின் தொலைபேசிகளைத் தன்பக்கம் இழுக்கவும் முடியும். தனிக் கடவுச்சொற்கள் வந்தபின், இரண்டாம் அறை மாணவர் தன்னுடையதை வைத்துக்கொண்டு மகளின் இணைப்பை இவ்வழிகளில் ஒட்டுக்கேட்க முடியாது. மகளின் மூலச் சாவி அவரிடம் இல்லை. ஆனால் இணைந்தபின் எல்லோரும் ஒரே வலையமைப்புக்குள்தான் இருக்கிறார்கள். போர்டிங் மாணவரின் மடிக்கணினியிலிருந்து வீட்டுக் கமராவின் பக்கத்தைத் திறந்து பார்க்கக்கூடிய நிலை அப்படியே இருக்கும். அதைத் தடுப்பதற்கு, மாணவர்களின் பகுதிகளில் `vid` என்ற வரியைச் சேர்த்து, `wifi-vlan` என்ற வேறொரு பகுதியின் மூலம் அவர்களை ஒரு தனி வலையமைப்புக்கு அனுப்ப வேண்டும். அந்த வலையமைப்பையும் அதற்குரிய தீயரணையும் முன்கூட்டியே உருவாக்கியிருக்க வேண்டும் என்பதால், தனிக் கடவுச்சொற்கள் மட்டும் சில நாட்கள் சரியாக இயங்குவதைப் பார்த்தபின் இதில் இறங்குவது நல்லது.

டேட்டா யாரால் தீர்கிறது என்ற கேள்விக்கும் விடை இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது. கடவுச்சொற்களைப் பிரித்ததனால் மட்டும் எவர் எத்தனை ஜிபி எடுத்தார் என்பது தெரியவராது. ரவுட்டரின் பட்டியலில் இணைந்த கருவிகள் தோன்றுமே தவிர, எந்தக் கடவுச்சொல்லால் வந்தன என்பது அங்கு எழுதப்பட்டிருக்காது. மாணவர்கள் தனி வலையமைப்பில் இருந்தால், அதன் வழியே சென்ற மொத்த அளவை ரவுட்டரின் நிலைப் பக்கத்திலேயே படிக்கலாம். ரவுட்டர் அணைந்து எழும்போது அந்த எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து தொடங்கும். மின்வெட்டு உள்ள மாதங்களில் நாள்தோறும் குறித்து வைக்க வேண்டும், அல்லது அளவைச் சேமித்து வைக்கும் `nlbwmon` என்ற பொதியை ஏற்றி, அது சேமிக்கும் இடத்தை ரவுட்டர் அணைந்தாலும் அழியாத நினைவகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.